டிரெய்னி என்று எழுதிவிட்டால் பி.எஃப். கிடையாதா?

தர்மபுரியில் டிப்ளமோ முடித்த இளைஞர் ஒருவர், பெங்களூரு பீனியாவில் நூறு பேர் வேலை செய்யும் எந்திரப் பாகத் தொழிற்சாலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'டிரெய்னி, மாதம் 14,000 ரூபாய் உதவித்தொகை, ஓராண்டு.' பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "பயிற்சி முடியட்டும் தம்பி, பிறகு பார்க்கலாம்" என்கிறார் மேலாளர். இந்தப் பதில் செல்லுமா என்பதை இப்படிச் சரிபார்க்கலாம்.

முதல் படி: ஒப்பந்தப் பதிவைத் தேடுங்கள்

பயிற்சி பெறுபவர்களில் இன்றைய சட்டம் வெளியே நிறுத்துவது ஒரே ஒரு வகையினரைத்தான்: 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி சேர்க்கப்பட்ட அப்ரண்டிஸ்கள். அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருக்கும். அது அரசிடம் பதிவாகியிருக்கும். apprenticeshipindia.gov.in தளத்திலோ, பட்டம் அல்லது டிப்ளமோ படித்தவர்களுக்கான nats.education.gov.in தளத்திலோ உங்கள் பெயரில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலாளர் சொல்வது சரி. உங்களுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சந்தா கிடையாது. வேலையில் காயம்பட்டால் அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி நிறுவனம்தான் ஈடு தர வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்து அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டால், அன்றிலிருந்து நீங்கள் சாதாரண ஊழியர்.

பதிவு இல்லையென்றால், கடிதத்தில் 'அப்ரண்டிஸ்' என்றே எழுதியிருந்தாலும் இந்த விலக்கு கிடைக்காது.

இரண்டாம் படி: நிலையாணை என்ற வாதத்தைச் சோதியுங்கள்

நிறுவனங்கள் அதிகம் நம்புவது இதைத்தான். நிலையாணை என்பது ஒரு நிறுவனத்தின் வேலை நிபந்தனைகளைச் சொல்லும் விதித்தொகுப்பு. பழைய பி.எஃப். சட்டம், நிறுவனத்தின் நிலையாணைகளின் கீழ் சேர்ந்த பயிற்சியாளரையும் விலக்கியது. மங்களூருவின் கேம்ப்கோ கூட்டுறவு நிறுவன வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, யாரை வேண்டுமானாலும் டிரெய்னி என்று எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் உண்மையிலேயே பயிற்சி பெறுபவராக இருந்தால்தான் அது பொருந்தும். பாடத்திட்டமோ கற்றுக்கொடுப்பவரோ இல்லாமல், இரவு ஷிப்டில் தனியாக எந்திரத்தை ஓட்டி, நிரந்தர ஊழியரின் அதே உற்பத்தி இலக்கை முடிப்பவரை விசாரணையில் பயிற்சியாளர் என்று நிலைநாட்டுவது கடினம். ஷிப்டு அட்டவணையையும் உற்பத்திப் பதிவேட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைவிட அவைதான் பேசும்.

இ.எஸ்.ஐ.யில் இந்த நிலையாணை விலக்கு 2010 திருத்தத்திலேயே போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் 'ஊழியர்' என்பதற்கான விளக்கத்தில் 1961 சட்டத்தின் அப்ரண்டிஸை மட்டுமே விலக்குகிறது. ஆகவே நிலையாணை வாதம் பழைய மாதங்களின் பி.எஃப். கணக்குக்குத்தான் உதவும்.

மூன்றாம் படி: தகுதிகாண் பருவம் என்றால்

இதில் குழப்பமே இல்லை. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் முதல் நாளிலிருந்தே ஊழியர். பணி நிரந்தரமாகும்வரை காத்திருக்கச் சொல்லும் விதி எதுவும் கிடையாது. விலக்கு வருவதென்றால் சம்பளத்தால்தான் வரும். இதுவரை பி.எஃப். உறுப்பினராக இல்லாத ஒருவர் 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் சேர்ந்தால் பி.எஃப். கட்டாயமில்லை. இ.எஸ்.ஐ.க்கு வரம்பு 21,000. முப்பதாயிரம் சம்பளத்தில் சேர்ந்த மென்பொருள்காரருக்குப் பிடித்தம் செய்யாததற்குக் காரணம் இந்த வரம்பு. தகுதிகாண் பருவம் அல்ல.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

பி.எஃப். 20 பேர், இ.எஸ்.ஐ. 10 பேர் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். பீனியா தொழிற்சாலை இரண்டிலும் வருகிறது. இளைஞரின் 14,000 முழுவதும் ஒரே தொகை, பதிவான ஒப்பந்தம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், 1,680 ரூபாய். அதே அளவு நிறுவனமும் போட வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். கைக்கு வருவது 12,215. குறைகிறதே என்று தோன்றும். ஆனால் நிறுவனம் மாதம் 2,135 ரூபாயைத் தன் பையிலிருந்து தருகிறது. 'பிறகு பார்க்கலாம்' என்பதன் பின்னால் இருப்பது இந்தத் தொகைதான்.

ஐந்தாம் படி: எழுத்தில் கேளுங்கள்

பி.எஃப்.க்கான யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணும் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். மாதச் சந்தாவைச் செலுத்தக் கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. அதற்குப் பிறகு பி.எஃப். பாஸ்புக்கில் தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் சம்பளச் சீட்டில் இருந்து பாஸ்புக்கில் இல்லையென்றால், டிரெய்னி வாதத்துக்கே அங்கே இடமில்லை. நேராகப் புகார் செய்யலாம். epfigms.gov.in தளத்தில் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஷிப்டு அட்டவணை மூன்றையும் இணைத்துப் பதிவு செய்யுங்கள்.

"அப்படியானால் விடுபட்ட மாதங்களின் உன் பங்கையும் சேர்த்து இந்த மாதச் சம்பளத்தில் பிடிப்போம்" என்று சிலர் மிரட்டுவார்கள். பி.எஃப். திட்டப்படி ஒரு மாதத்தின் பங்கை அந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்க வேண்டும். எழுத்துப்பிழை போன்ற தற்செயலான தவறால் விடுபட்டிருந்தால், அதிகாரியின் ஒப்புதலோடு பின்னால் பிடிக்கலாம். டிரெய்னி என்று தெரிந்தே விட்டது அந்தக் கணக்கில் சேராது. அதை நிறுவனம்தான் கட்ட வேண்டும்.