லேஆஃப் ஆனதும் குரூப்ல வேலை கேக்குறது எப்படி, கெஞ்சாம

எங்க டீமையே மொத்தமா தூக்கினாங்க. அன்னிக்கு ராத்திரியே பழைய காலேஜ் குரூப்ல "வேலை போயிடுச்சு, எந்த ஓப்பனிங் இருந்தாலும் ப்ளீஸ் சொல்லுங்க, எதுவா இருந்தாலும் ஓகே"ன்னு போட்டேன். கும்பிடு எமோஜி வரிசையா வந்துச்சு, லீட் ஒண்ணு கூட வரல. "எதுவா இருந்தாலும்"னு சொன்னா படிக்கிறவனுக்கு யார் ஞாபகமும் வராதுங்கிறது அப்புறம்தான் உறைச்சுது.

1. ரெண்டு நாள் கழிச்சு போடுங்க. கோவத்துல டைப் பண்ணா பழைய மேனேஜர் பத்தி ஒரு வரி எப்படியும் உள்ள வந்துடும்.

2. மெசேஜ். நான் ரெண்டாவது தடவ போட்டது இது:

"போன வாரம் எங்க கம்பெனில ஆள் குறைச்சதுல என் வேலையும் போச்சு. 6 வருஷமா டெஸ்டிங், கடைசி 3 வருஷம் பேமென்ட் ஆப்ல ஆட்டோமேஷன். சீனியர் டெஸ்டர் ரோல் தேடுறேன், உடனே சேரலாம். பேமென்ட் இல்லன்னா பேங்கிங் கம்பெனில டெஸ்டிங் டீம்ல யாரையாச்சும் தெரிஞ்சா ஒரு அறிமுகம் மட்டும் பண்ணி விடுங்க, மீதிய நானே பேசிக்கறேன்."

லேஆஃபுக்கு ஒரே வரி, விளக்கம் கிடையாது. கேக்குறதும் வேலை இல்ல, ஒரு அறிமுகம்தான். அது யாருக்கும் பாரமா தெரியாது. முதல் நாளே மூணு பேர் தனியா மெசேஜ் பண்ணாங்க.

ரெஸ்யூமேவ குரூப்ல போடாதீங்க, உங்க நம்பரும் அட்ரஸும் எங்கெங்கயோ சுத்தும். கேக்குறவங்களுக்கு மட்டும் பிடிஎஃப்பா அனுப்புங்க. வேர்ட் ஃபைல் எனக்கு பிடிக்காது, போன்ல தொறந்தா அலைன்மென்ட் எல்லாம் கலைஞ்சு கிடக்கும்.

3. நான் மாட்டின இடம் இதுதான். ஒருத்தர் அவர் கம்பெனில என்னை ரெஃபர் பண்றேன்னு சொன்னாரு, நான் அவசரக்குடுக்கையா அன்னிக்கே அந்த கம்பெனி சைட்ல நானே அப்ளை பண்ணிட்டேன். அவர் போர்டல்ல என் மெயில் ஐடி போட்டதும் "ஏற்கனவே அப்ளை பண்ணிருக்காங்க"ன்னு தள்ளிடுச்சு. நிறைய கம்பெனில இப்படித்தான், முதல்ல ரெஃபரல் போகணும், அப்புறம் அதுல வர்ற லிங்க்ல அப்ளை. அதனால ஆள் கிடைச்சதும் அவங்க கரியர் பேஜ்ல ஜாப் ஐடிய நீங்களே தேடி எடுத்து, பிடிஎஃப், மெயில் ஐடி, "இவர் 6 வருஷ டெஸ்டர்"னு படர்க்கையில ரெண்டு வரி, எல்லாம் ஒரே மெசேஜ்ல குடுங்க. அவங்க காப்பி பேஸ்ட் பண்ணா போதும்னு இருந்தா அன்னிக்கே பண்ணிடுவாங்க, இல்லன்னா "வீக்கெண்ட்ல பாக்குறேன்"தான்.

அப்டேட்: "அனுப்புங்க பாக்குறேன்னு சொல்லிட்டு காணாம போயிட்டா?"ன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. ஒரு வாரம் விட்டு ஒரே ஒரு தடவ, "என்னாச்சு"ன்னு இல்லாம, "இந்த ஜாப் ஐடி புதுசா வந்திருக்கு, இதுக்கு போட முடியுமா"ன்னு கேளுங்க. அதுக்கும் பதில் இல்லன்னா விட்டுட்டு நேரா அப்ளை பண்ணிடுங்க.

இன்னொண்ணு, குரூப்ல போட்டதும் தெரியாத நம்பர்ல இருந்து "வேலை ரெடி, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க"ன்னு வரும். எனக்கும் வந்துச்சு. காசு கேட்டா பிளாக் பண்ணிட்டு அட்மின் கிட்ட சொல்லிடுங்க.