இரண்டு மூன்று இடத்தில் மட்டும் பரவிய புற்றுநோய்: செய்யக்கூடாத தவறுகள்

மாட்டுங்காவில் இருக்கும் ஓர் அம்மா, வயது 58 என்று வைத்துக்கொள்வோம். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய்க் கட்டி, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் இடது அட்ரினல் சுரப்பியில் ஒன்று, இடுப்பெலும்பில் ஒன்று. புற்றுசெல்களை வளரத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருப்பதால் அதைத் தடுக்கத் தினமும் மாத்திரை. மூன்று மாதத்தில் எல்லாமே சுருங்கிவிட்டது. இப்போது டாக்டர் ரேடியேஷன் என்கிறார், "நாலாவது ஸ்டேஜுக்கு எதுக்கு ரேடியேஷன், மாத்திரைதான் கேட்குதே" என்று வீட்டில் மறுக்கிறார்கள்.

இதுதான் முதல் தவறு. மாத்திரை கட்டியைச் சுருக்கும், ஆனால் அதற்கு மசியாத செல்கள் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும், பல பேருக்கு நோய் திரும்ப வளர்வது புது இடத்தில் இல்லை, பழைய இடத்திலேதான். அந்த மிச்சத்தை எஸ்.பி.ஆர்.டி. என்ற துல்லியமான, அதிக அளவு ரேடியேஷனால் சில தடவைகளில் அழித்தால் அதே மாத்திரை இன்னும் அதிக நாள் தாங்கலாம். சீனாவில் 133 பேரிடம் நடந்த சிண்டாஸ் ஆய்வில், இந்த வகை நோயாளிகளுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தபோது நோய் சராசரியாக 12.5 மாதம் கட்டுக்குள் இருந்தது, ரேடியேஷனும் சேர்த்தபோது 20.2 மாதம். அதில் கொடுத்தது பழைய தலைமுறை மாத்திரைகள், மூளையில் பரவியவர்களைச் சேர்க்கவும் இல்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது, எண்ணிக்கையில் வரும் தவறு. பொதுவாக ஐந்து இடம் வரைதான் 'கொஞ்சமாகப் பரவியது' என்பார்கள். ஆனால் பெட் ஸ்கேனை மட்டும் வைத்து எண்ணக்கூடாது. சர்க்கரையை நிறைய இழுக்கும் இடங்களைத்தான் அது காட்டும், மூளை இயல்பாகவே சர்க்கரையை நிறைய இழுப்பதால் அங்கே சின்னக் கட்டி அதில் மறைந்துபோகும், எம்.ஆர்.ஐ. தனியாக எடுத்தே ஆகவேண்டும். இந்த அம்மாவின் அட்ரினல் கட்டியும் பரவல்தானா என்று கேளுங்கள், ஏனென்றால் அங்கே புற்றில்லாத கட்டி வருவது சகஜம். சந்தேகம் இருந்தால் பயாப்சி.

ரேடியேஷன் முடிந்ததும் "கட்டிதான் போயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்துவது, நான் பார்த்தவரை, எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஸ்கேனுக்குத் தெரியாத செல்கள் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும், அவற்றை ரேடியேஷன் தொடாது. ரேடியேஷன் நாட்களில் மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை மருந்து கொடுக்கும் டாக்டரும் ரேடியேஷன் டாக்டரும் பேசி முடிவுசெய்யட்டும்.

அப்புறம், பாதிப்பே இருக்காது என்றும் நம்பவேண்டாம். பல வகைப் புற்றுநோய்களைச் சேர்த்து நடந்த சேபர்-காமெட் ஆய்வில் ரேடியேஷன் பெற்ற 66 பேரில் 3 பேர் சிகிச்சையின் விளைவாகவே இறந்தார்கள். கட்டி பெரிய மூச்சுக்குழாய்க்கோ குடலுக்கோ ஒட்டி இருந்தால் ஆபத்து எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள்.

இந்த அம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு, மார்பகப் புற்றுநோய் இருக்கும் அக்காவுக்கும் அதையே செய்யச் சொல்லி யாரும் நிற்காதீர்கள். கொஞ்சமாகப் பரவிய மார்பகப் புற்றுநோயில் இதையே சோதித்த அமெரிக்க ஆய்வில், மருந்தோடு ரேடியேஷனோ அறுவை சிகிச்சையோ சேர்த்தும் பலன் கூடவில்லை.