கடையில் ஆள் நிற்கவில்லையா? முதலில் சம்பளத் தேதியைப் பாருங்கள்

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு சிறிய துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். விற்பனைப் பெண்கள் சில மாதங்களிலேயே விலகுகிறார்கள். முதலாளி 'சிறந்த ஊழியர்' பரிசு அறிவிக்கிறார், பலனில்லை. அங்கே சம்பளம் பத்தாம் தேதிக்குத்தான் வருகிறது, சேமநிதிப் பணமும் தாமதம். பிறகு பரிசு எதற்கு?

உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்னது இதுதான்: சம்பளம், ஓய்வு நாள், மேற்பார்வை ஆகியவை சரியில்லையென்றால் அதிருப்தி வரும்; சரியாக இருந்தாலும் அதனால் மட்டும் ஈடுபாடு வராது. ஈடுபாட்டைத் தருவது பொறுப்பும் பாராட்டும் சாதித்த உணர்வும்.

ஆகவே முதலில் சட்டப்படி ஏழாம் தேதிக்குள் சம்பளம், பதினைந்துக்குள் சேமநிதி. முணுமுணுப்பு அடங்கியும் ஆள் விலகினால், அடுத்த குறை வேலையில் இருக்கிறது என்று பொருள்.

அப்போது சுடிதார் பகுதியை ஒருவரிடம் ஒப்படையுங்கள். எந்த நிறம் ஓடுகிறது, அடுத்து என்ன வாங்குவது என்பதை, நீங்கள் வகுத்த தொகைக்குள், அவரே முடிவு செய்யட்டும். கூடவே தரை துடைக்கும் வேலையையும் சேர்த்துவிடாதீர்கள். அது பொறுப்பு அல்ல, சுமை. பக்கத்துக் கடை இருநூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால் இந்த வழி மட்டும் ஆளை நிறுத்தாது.