"சாயம் போகவே போகாது" என்று எழுதாமல் ஒரு வாடிக்கையாளர் வீடியோ

மருதமுனைக் கைத்தறிச் சாரி விற்கும் கடைக்காரர் ஒருவர் 30 விநாடி விளம்பரம் கேட்டார். கல்லடியில் வசிக்கும் ஒரு டீச்சர் அவரிடம் சாரி வாங்கியவர். அவரே பேசச் சம்மதித்தார். கடைக்காரர் டீச்சருக்காக ஒரு வசனமும் எழுதி வைத்திருந்தார்: "சாயம் போகவே போகாது, நம்பி வாங்குங்க." அதை ஒதுக்கிவிட்டு இப்படிச் செய்தோம்.

முதலில் வசனம் எழுதவில்லை, கேள்விதான் எழுதினோம். வாங்க முன்னம் என்ன யோசித்தீங்க? முதல் தரம் கழுவினபோது என்ன நடந்தது? எது பிடிக்கவில்லை? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். பேச்சு இயல்பாவதே அங்கேதான். கமெராவை நீட்டாமல் போனில் குரலை மட்டும் பதிந்தால் ஆட்கள் கூச்சமில்லாமல் கதைப்பார்கள்.

அடுத்து, பதிவானதை அப்படியே எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இது இவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "எட்டு மாசமா உடுக்கிறன்" அவர் அனுபவம், இருக்கட்டும். "எல்லாக் கடையையும் விட மலிவு" அவர் ஒப்பிட்டுப் பார்க்காதது, வெட்டுங்கள். "சாயம் போகாது" என்பது துணியைப் பற்றிய உத்தரவாதம். அதைச் சோதித்துக் காட்ட வேண்டியவர் கடைக்காரர். டீச்சர் வாயில் வைத்தாலும் பொறுப்பு கடைக்காரருடையதுதான். பிழையான விவரம் சொல்லி விற்பது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துக்கும் முரண்.

மிஞ்சியதை ஒழுங்குபடுத்தியபோது வந்தது இது:

வாளியில் சிவந்த தண்ணீர். "முதல்ல நனைச்சபோது தண்ணி சிவந்திட்டு, பயந்து போயிட்டன்."

சாரி நிழலில் காய்கிறது. "கடையில கேட்டன். தனியாக் கழுவுங்க எண்டாங்க. மூணாவது கழுவலோட தண்ணி தெளிஞ்சிட்டு."

டீச்சர் சாரியுடன், பகல் வெளிச்சத்தில். "எட்டு மாசமா கிழமைக்கு ஒருக்கா பள்ளிக்கு உடுக்கிறன். கரை கொஞ்சம் மங்கியிருக்கு. ஆனா இந்த வெயிலுக்கு உடம்புல பாரமாத் தெரியல்ல."

சிவந்த தண்ணீரைக் கண்டு கடைக்காரர் முகம் சுருங்கியது. வாங்கியவர்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தானே சிவக்கப்போகிறது! முதலிலேயே சொல்லிவிட்டால் அது முறைப்பாடாகத் திரும்பி வராது.

படம் பிடிக்கும்போது டீச்சரை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். கேள்வியை மறுபடி கேளுங்கள், தன் சொல்லிலேயே சொல்லட்டும். "எண்டாங்க" என்பதை "என்றார்கள்" என்று திருத்தினால் செய்தி வாசிப்பு மாதிரி ஆகிவிடும். வெட்டிய பிறகு அவருக்கே போட்டுக் காட்டுங்கள். "நான் இப்படிச் சொல்லல்ல" என்றால் அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும். சாரியை இலவசமாகவோ கழிவு விலையிலோ கொடுத்திருந்தால், அதையும் திரையில் வாசிக்கக்கூடிய அளவில் போடுங்கள்.

வாடிக்கையாளர் கிடைக்காமல் ஒரு நடிகையை வைத்தால்? அவர் சாரியைக் கழுவிக் காட்டலாம், மடித்துக் காட்டலாம். "எட்டு மாசமா உடுக்கிறன்" என்று மட்டும் சொல்லக் கூடாது.