நிமிடத்துக்கு 100 காலடி என்றால் என்ன வேகம், அரை மணியில் எத்தனை கிலோமீட்டர்?

மிதமான நடைக்கு அடையாளமாக 'நிமிடத்துக்கு 100 காலடி, அரை மணியில் 3,000 காலடி' என்று சொல்வார்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு நடை மிதமான உழைப்பாக மாறும் இடம் ஏறத்தாழ இதுதான். ஆனால் அதே 3,000 காலடியில் ஒருவர் 1.8 கிலோமீட்டர் போவார், பக்கத்தில் நடப்பவர் 2.2 கிலோமீட்டர் போவார். உங்கள் கணக்கு எது என்று தெரிந்துகொள்ள உங்கள் காலடியின் நீளம் வேண்டும். மற்றதெல்லாம் ஒரு பெருக்கல்தான்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'அடி' என்று எழுதினால் 30 சென்டிமீட்டர் அளவா, எடுத்து வைக்கும் அடியா என்ற குழப்பம் வரும். அதனால் இங்கே 'காலடி' என்றே எழுதுகிறேன். இடது குதிகால் பதிந்த இடத்திலிருந்து அடுத்து வலது குதிகால் பதியும் இடம் வரை ஒரு காலடி. சில ஆப்களிலும் கைக்கடிகாரங்களிலும் 'ஸ்ட்ரைடு' என்று கேட்பார்கள். உடல் இயக்கம் பற்றிய பாடங்களில் ஸ்ட்ரைடு என்பது இடது குதிகாலிலிருந்து மறுபடி இடது குதிகால் வரை, அதாவது இரண்டு காலடி. ஆனால் பல கருவிகள் ஒரு காலடியையே ஸ்ட்ரைடு என்று அழைக்கின்றன. அரை மணி நடைக்கு 3.7 கிலோமீட்டர் என்றோ 0.9 கிலோமீட்டர் என்றோ காட்டினால் இந்த இடத்தில்தான் பிசகியிருக்கும். இரண்டு மடங்கு அல்லது பாதி என்பதே இந்தத் தவறின் அடையாளம்.

சூத்திரம்

காலடி நீளத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 காலடி வைத்தால்:

```
வேகம் (கி.மீ./மணி)   = காலடி நீளம் × 0.06
அரை மணி தூரம் (கி.மீ.) = காலடி நீளம் × 0.03
```

0.06 எங்கிருந்து வந்தது என்றால், மணிக்கு 6,000 காலடி, ஒரு கிலோமீட்டருக்கு 1,00,000 சென்டிமீட்டர். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 0.06. அரை மணி தூரம் அதில் பாதி. 65 செ.மீ. காலடிக்கு வேகம் 3.9, தூரம் 1.95 கிலோமீட்டர்.

காலடி எண்ணிக்கை 100 ஆக இல்லாவிட்டால் எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ A2-இல் நிமிடத்துக்கான காலடியையும் B2-இல் நீளத்தையும் இட்டு, C2-இல் முதல் வரியையும் D2-இல் இரண்டாம் வரியையும் போடுங்கள்:

```
=A2*B2*0.0006
=C2/2
```

காலடி நீளத்தை அளப்பது

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். உயரத்தை 0.41-ஆல் பெருக்கினால் காலடி நீளம் கிடைக்கும் என்ற குறுக்குவழி எல்லா இடத்திலும் புழங்குகிறது. தோராயத்துக்கு அது சரிதான். ஆனால் ஒரே உயரமுள்ள இருவரின் கால் நீளமும் வயதும் நடைப் பழக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. டேப் வைத்து வீட்டுக்குள் பத்து காலடி அளப்பதும் சரிவராது. அளக்கிறோம் என்ற நினைப்பிலேயே கால் எட்டிப் போகும்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. காலடி நீளம் ஒரே அளவில் நிற்காது. மெதுவாக உலாவும்போது கால் குறுகலாக விழும். வேகம் கூடும்போது காலடியின் எண்ணிக்கையும் நீளமும் சேர்ந்தே கூடும். ஆகவே 100 காலடிக்கான கணக்குக்கு 100 காலடி வேகத்தில் நடந்தபோது அளந்த நீளம்தான் வேண்டும்.

அதற்கு, சீரான இடைவெளியில் 'டிக்' ஒலி தரும் மெட்ரோனோம் ஆப் போதும். நிமிடத்துக்கு எத்தனை டிக் என்பதைக் குறிக்கும் `BPM`-ஐ 100 என்று வைத்து, ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு கால் பதியட்டும். வலது கால் மட்டும் தாளத்தில் விழுந்தால் 200 காலடி ஆகிவிடும், அது ஓட்டம். பாட்டு வைத்து நடப்பதைவிட வெறும் டிக் ஒலியே நல்லது. பாட்டில் எது தாளம் என்று கால் தேட ஆரம்பிக்கும்.

இடத்துக்கு, மாவட்ட விளையாட்டு அரங்குகளில் இருக்கும் 400 மீட்டர் ஓடுபாதையே என் முதல் தேர்வு. உள்பக்க முதல் தடத்தில் நடக்க வேண்டும். இரண்டாம் தடத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கூடிவிடும். ஓடுபாதை இல்லையென்றால் சமதளத் தெருவில் 100 மீட்டரை டேப்பால் அளந்து சுண்ணாம்புக் கோடு போடலாம். 20 மீட்டர் போதாது. அதில் ஏறத்தாழ 33 காலடிதான் வரும். ஒன்று தவறினாலே 3 சதவீதம் பிசகு. 400 மீட்டரில் ஒன்று தவறினால் பொருட்டே இல்லை.

கோட்டுக்கு இருபது காலடி முன்பிருந்தே தாளத்தோடு நடந்து வாருங்கள். கோட்டைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். சுற்று முடிந்ததும் நிறுத்துங்கள். எண்ண வேண்டாம், தாளம்தான் எண்ணுகிறதே. விநாடியை 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் காலடி எண்ணிக்கை வந்துவிடும். இரண்டு சுற்று எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஒரு கணக்கு

158 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 400 மீட்டரை 6 நிமிடம் 34 விநாடியில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 394 விநாடி. 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 657 காலடி. 40,000 செ.மீ.யை 657-ஆல் வகுத்தால் காலடி நீளம் 61 செ.மீ. ஆகவே வேகம் 61 × 0.06 = 3.66 கி.மீ.; அரை மணியில் 1.83 கி.மீ.

இவர் உயரக் கணக்கை நம்பியிருந்தால் 65 செ.மீ. என்று எடுத்து 1.95 கி.மீ. என்று எழுதியிருப்பார். சாவகாசமாக உலாவி அளந்து 55 செ.மீ. பெற்றிருந்தால் 1.65 கி.மீ. மூன்றும் ஒரே மனிதரின் அதே 3,000 காலடிக்கான விடைகள். இடைவெளி 300 மீட்டர்.

சரிபார்க்க, மெட்ரோனோமை அணைத்துவிட்டு இயல்பாக நடந்து, வலது கால் பதிவதை மட்டும் ஒரு முழு நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 50 முறை விழுந்தால் சரி. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், எண்ணுவதில் வந்த சிறு பிசகும் நான்கு மடங்காகும்.

பின்சேர்ப்பு: மொட்டைமாடியும் டிரெட்மில்லும்

மாடியில் நடப்பவர்களுக்கு மேலே சொன்ன தூரம் வராது. பத்து மீட்டருக்கு ஒரு திருப்பம் என்றால், ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு மூன்று காலடி குறுகும். ஜிபிஎஸ்ஸும் அவ்வளவு சிறிய இடத்தில் குழம்பும். மாடியின் ஒரு சுற்றை டேப்பால் அளந்து, சுற்றுகளை எண்ணுவதே சரியான வழி.

டிரெட்மில்லில் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். திரையில் 4 கி.மீ. வேகம், காலடி 100 என்றால் நீளம் 4 ÷ 0.06, அதாவது 66.7 செ.மீ. ஓடுபாதையில் 61 வந்தவருக்கு அந்த வேகத்தில் 100 காலடி போதாமல், 105 போல ஆகும். அவர் 100 காலடியில் நடக்க 3.7 என்று வைத்தால் போதும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கைக்கடிகாரம் காலடிகளைத் தவறவிடும், ஏனென்றால் அது கையின் வீச்சைத்தான் உணர்கிறது.

கடைசியாக ஒன்று. ஆப் '30 நிமிடம், 3,000' என்று காட்டுவதாலேயே நீங்கள் 100-இல் நடந்தீர்கள் என்று ஆகாது. சிக்னலில் மூன்று நிமிடம் நின்றிருந்தால், மீதி 27 நிமிடத்தில் நடந்தது நிமிடத்துக்கு 111. அந்த வேகத்தில் உங்கள் காலடியும் நீண்டிருக்கும், ஆகவே தூரம் 100 காலடிக் கணக்கில் வந்ததைத் தாண்டியிருக்கும். அப்படிப்பட்ட நாளுக்கு மெட்ரோனோமை 110-இல் வைத்து இன்னொரு சுற்று அளந்து, அந்த நீளத்தைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.