சமன்பாட்டில் இருக்கும் அயோடின் வேக விதியில் ஏன் இல்லை?

சமன்பாட்டின் குணகங்களை அப்படியே செறிவுகளுக்கு அடுக்காகப் போட்டு வேக விதி எழுதிவிடுவது வேதியியலைப் புதிதாகப் படிப்பவர்களின் வழக்கம். அது எங்கே சறுக்குகிறது என்று பார்க்க, அமிலக் கரைசலில் அசிட்டோனும் அயோடினும் வினைபுரிவதை எடுத்துக்கொள்வோம்.

CH₃COCH₃ + I₂ → CH₃COCH₂I + HI

இரண்டுக்கும் குணகம் 1. ஆகவே வேகம் = k[CH₃COCH₃][I₂] என்று எழுதத் தோன்றும். எழுதுவதற்கு முன் அளந்து பார்க்கலாம்.

1. கலவைகள்

4 M அசிட்டோன், 1 M ஹைட்ரோகுளோரிக் அமிலம், பொட்டாசியம் அயோடைடில் கரைத்த 0.005 M அயோடின் ஆகிய மூன்று கரைசல்கள் வேண்டும். மொத்தம் 50 மி.லி. வரும்படி தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அயோடினைக் கடைசியில் ஊற்றி, அந்த நொடியில் கடிகாரத்தை ஓடவிடுங்கள். வெள்ளைத் தாளின் மேல் குடுவையை வைத்தால் மஞ்சள் நிறம் முழுவதும் மறையும் நேரம் தெளிவாகத் தெரியும். விளைபொருளான அயோடோஅசிட்டோன் கண்ணைக் கடுமையாக எரிக்கும்; புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும்.

| கலவை | அசிட்டோன் (மி.லி.) | அமிலம் (மி.லி.) | அயோடின் (மி.லி.) | தண்ணீர் (மி.லி.) | நேரம் (நொடி) |
|---|---|---|---|---|---|
| அ | 10 | 10 | 10 | 20 | 220 |
| ஆ | 20 | 10 | 10 | 10 | 110 |
| இ | 10 | 20 | 10 | 10 | 110 |
| ஈ | 10 | 10 | 20 | 10 | 440 |

இவை 25 °C-க்குரிய வேக மாறிலியை (சுமார் 2.8 × 10⁻⁵ M⁻¹ s⁻¹) வைத்துக் கணக்கிட்ட நேரங்கள். அறை வெப்பநிலை மாறினால் உங்கள் எண்களும் மாறும்; ஆனால் நான்கு குடுவைகளும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் அவற்றின் விகிதம் மாறாது.

2. நேரத்திலிருந்து வேகம்

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘ஈ’ கலவையில் நேரம் இரட்டிப்பானதைப் பார்த்து, அயோடின் வினையை மெதுவாக்குகிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். தீர வேண்டிய அயோடினும் இரண்டு மடங்கு என்பது மறந்துபோகிறது. வேகம் என்பது தொடக்க அயோடின் செறிவை நேரத்தால் வகுத்தால் வருவது. ‘அ’-வில் 0.001 ÷ 220, ‘ஈ’-யில் 0.002 ÷ 440. இரண்டுமே 4.5 × 10⁻⁶ M s⁻¹ தான்.

(அசிட்டோன் அயோடினைவிடப் பல நூறு மடங்கு அதிகம் இருப்பதால் அதன் செறிவு கடைசி வரை ஏறக்குறைய மாறுவதில்லை. அதனால்தான் இப்படி நேராக வகுக்க முடிகிறது.)

3. வினை வகை

வேக விதியில் ஒரு பொருளின் செறிவுக்கு வரும் அடுக்குதான் அதைப் பொறுத்த வினை வகை. அசிட்டோனை இரட்டித்தால் வேகம் இரட்டிக்கிறது: வகை 1. அமிலத்துக்கும் அப்படியே: வகை 1. அயோடினை இரட்டித்தால் ஒன்றும் ஆகவில்லை: வகை 0.

வேகம் = k[CH₃COCH₃][H⁺]

மொத்த வினை வகை 2. சமன்பாட்டில் இருக்கும் அயோடின் இதில் இல்லை. சமன்பாட்டின் இடப்பக்கத்தில் இல்லாத H⁺ வந்து உட்கார்ந்திருக்கிறது. குணகங்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது கிடைக்காது. அந்தச் சமன்பாடு சொல்வது வரவுசெலவுக் கணக்கு மட்டும்தான்: எது எவ்வளவு தீர்ந்தது, எது எவ்வளவு வந்தது. முழுச் சமன்பாட்டையும் இரண்டால் பெருக்கி எழுதினாலும் அது சரிதான். அதற்காகக் குடுவைக்குள் வினை வகை மாறிவிடுமா என்ன?

4. மூலக்கூறு எண்

வினை உண்மையில் மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் H⁺ அசிட்டோனின் ஆக்சிஜனில் வந்து ஒட்டுகிறது. இது வேகமான, மீளும் கட்டம். அடுத்து ஒரு நீர் மூலக்கூறு கார்பனிலிருந்து ஒரு H⁺-ஐப் பிடுங்க, இரட்டைப் பிணைப்புள்ள கார்பனில் OH கொண்ட ஈனால் என்ற வடிவம் உருவாகிறது. இதுதான் மெதுவான கட்டம். கடைசியில் அயோடின் வந்து ஈனாலைப் பட்டென்று பிடித்துக்கொள்கிறது. அயோடின் எவ்வளவு காத்திருந்தாலும் ஈனால் உருவாகும் வேகத்துக்குத்தான் அதற்கு வேலை கிடைக்கும்.

இப்படி ஒற்றைக் கட்டத்தில் மோதும் துகள்களின் எண்ணிக்கையே மூலக்கூறு எண். மெதுவான கட்டத்தில் புரோட்டான் ஏற்ற அசிட்டோன் ஒன்று, நீர் ஒன்று, ஆக 2. அது எப்போதும் 1, 2, அரிதாக 3 என முழு எண்ணாகவே இருக்கும். பூஜ்யமோ பின்னமோ வராது. வினை வகைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது; அயோடினுக்கு 0 வந்ததைப் பார்த்தோமே. பல கட்டங்கள் கொண்ட மொத்த வினைக்கு மூலக்கூறு எண் என்று ஒன்று கேட்பதில் பொருளே இல்லை.

ஒற்றைக் கட்டம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் குணகங்களை அடுக்காக எழுதலாம். இங்கே மொத்த வகையும் 2, மெதுவான கட்டத்தின் மூலக்கூறு எண்ணும் 2 என்பதைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். வகையில் எண்ணப்பட்டவை அசிட்டோனும் H⁺-உம். கட்டத்தில் மோதியவை வேறு இரண்டு. நீர் கரைப்பானாக ஏராளமாக இருப்பதால் அதன் செறிவு k-க்குள்ளேயே அடங்கிவிட்டது.

5. சரிபார்ப்பு

இந்த வழிமுறை சரியென்றால், அயோடினுக்குப் பதில் புரோமினைப் போட்டாலும் வேகம் மாறக்கூடாது. மாறுவதும் இல்லை. ஆர்தர் லாப்வொர்த் 1904-இல் அசிட்டோனும் புரோமினும் புரியும் வினையை ஆராய்ந்தபோதே, வேகம் ஹாலஜனின் செறிவைச் சார்ந்ததல்ல என்று கண்டார். ஆனால் ஹாலஜன் மிக மிகக் குறைவாக இருக்கும்போது ஈனாலைப் பிடிக்க ஆள் போதாமல் போகிறது. அப்போது கடைசிக் கட்டமும் மெதுவாகி, ஹாலஜனைப் பொறுத்த வகை 0-விலிருந்து 1-ஐ நோக்கி நகரத் தொடங்கும்.