வட்டி எப்போது மாறும், கடனை எப்போது முடிக்கலாம்: வீட்டுக் கடன் ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை

தக்கலையில் இருக்கும் என் தங்கை பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுகிறாள். மச்சினன் ஷார்ஜாவில். கடன் 30 லட்சம், 20 வருடம். ஒரு வங்கியும் ஒரு வீட்டுக் கடன் நிறுவனமும் தர முன்வந்தன. இரண்டு இடத்திலும் வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை 26,035 ரூபாய். "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா, இதுல படிக்கதுக்கு என்ன கெடக்கு?" என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து இரண்டு பேப்பரையும் படித்தோம். இரண்டும் ஒன்றில்லை. அன்று நாங்கள் பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில், சரியான பேப்பரைக் கையில் வாங்குங்கள்

சாங்ஷன் லெட்டர் என்ற அனுமதிக் கடிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் இருப்பது முதல் நாள் வட்டி. கேட்க வேண்டியது இரண்டு: ஒப்பந்தத்தின் நகல், கேஎஃப்எஸ் என்று சொல்லும் முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களின் புதுக் கடன்களுக்கு இந்த அறிக்கையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. ஆகவே தமிழில் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. அறிக்கையைக் கொடுத்த பிறகு குறைந்தது மூன்று வேலை நாட்கள் அந்த நிபந்தனைகள் மாறாமல் இருக்க வேண்டும். "இன்னைக்கே கையெழுத்துப் போடணும், இல்லேன்னா வட்டி கூடிரும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் இந்த மூன்று நாளை நினைவுபடுத்துங்கள்.

கட்டணங்களுக்கும் இதே அறிக்கைதான் ஆதாரம். இதில் எழுதாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

வட்டியை அசைப்பது யார் என்று பாருங்கள்

மாறும் வட்டிக்கு அறிக்கையில் தனிக் கட்டம் இருக்கும். அங்கே இந்தக் கணக்கு இருக்கும்:

```
R = B + S
```

B என்பது அடிப்படை விகிதம். S என்பது அதற்கு மேல் கடன் கொடுப்பவர் வைக்கும் கூடுதல், அதாவது ஸ்ப்ரெட். இரண்டும் சேர்ந்த R தான் நீங்கள் கட்டும் வட்டி.

தங்கையின் வங்கிப் பேப்பரில் B என்பது ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 5.25. S என்பது 3.25. கூட்டினால் 8.5. ரெப்போவை ரிசர்வ் வங்கி அறிவிக்கிறது, செய்தித்தாளில் வருகிறது, யாரும் சரிபார்க்கலாம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புது வீட்டுக் கடனை மாறும் வட்டியில் கொடுத்தால், இப்படி வெளியில் இருந்து வரும் ஒரு விகிதத்தோடுதான் கட்ட வேண்டும். S-ஐயும் வங்கி இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. உங்கள் கடன் தகுதியில் பெரிய மாற்றம் வந்தால் அதற்குரிய பகுதி மாறலாம். மற்ற பகுதிகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம். குறைப்பதாக இருந்தால் மட்டும் முன்னதாகவே குறைக்கலாம்.

நிறுவனத்தின் பேப்பரில் B இடத்தில் பிஎல்ஆர் என்று அவர்களே வைத்துக்கொள்ளும் அடிப்படை விகிதம் 17.5 இருந்தது, அதிலிருந்து 9 கழித்து 8.5. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு வெளி விகிதக் கட்டாயம் கிடையாது. ஒப்பந்தத்தைப் புரட்டினால், "நிறுவனம் தன் விருப்பப்படி அவ்வப்போது நிர்ணயிக்கும்" என்று ஒரு ஷரத்து. அதாவது கடிவாளம் அவர்கள் கையில்.

இதில் நான் சூடு பட்டவன். பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய கடனும் இப்படித்தான். புதிதாக வருபவர்களுக்கு வட்டியைக் குறைக்க, பிஎல்ஆரைத் தொடாமல் கழிவை மட்டும் கூட்டினார்கள். பழைய ஆளான எனக்கு வட்டி அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிடக் குறைவாகக் கட்டுகிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்த பிறகுதான் போய்க் கேட்டேன். மாற்றுக் கட்டணம் கட்டினால் குறைப்போம் என்றார்கள். கட்டினேன். அந்தக் கட்டணம் பற்றிய வரி நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இருந்தது.

ரீசெட் தேதி

அடிப்படை விகிதம் மாறிய அன்றே உங்கள் வட்டி மாறாது. ரீசெட் தேதி வரும்வரை பழைய வட்டிதான். வெளி விகிதத்தோடு கட்டிய வங்கிக் கடனில் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீசெட் நடக்க வேண்டும். நிறுவனத்தின் பேப்பரில் வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் என்று இருந்தது. பிப்ரவரியில் வட்டி கால் சதவீதம் குறைந்தால், தங்கையின் கடனில் மாதம் ஏறக்குறைய 475 ரூபாய் மிச்சமாக வேண்டும். அடுத்த ஜனவரி வரை காத்திருந்தால் 5,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். வட்டி ஏறும் காலத்தில் இதே தாமதம் நமக்குச் சாதகம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தவணை ஏறுமா, காலம் நீளுமா?

எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். வட்டி ஏறும்போது இரண்டில் ஒன்று நடக்கும்: தவணைத் தொகை கூடும், அல்லது தொகை அப்படியே இருந்து மாதங்கள் கூடும். ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லாமல் விட்டால், பெரும்பாலும் காலத்தைத்தான் நீட்டுவார்கள். தொகை மாறாததால் நமக்குத் தெரிவதும் இல்லை.

கேஎஃப்எஸ்ஸில் வட்டி 0.25 மாறினால் என்ன ஆகும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். தங்கைக்கு அது: தவணை 477 ரூபாய் கூடும், அல்லது 240 தவணை 253 ஆகும். கால் சதவீதத்துக்கே ஒரு வருடத்துக்கு மேல்! ஒரு சதவீதம் ஏறி 9.5 ஆனால்? தவணையைக் கூட்டினால் 27,964 ரூபாய். கூட்டாமல் விட்டால் 309 தவணை, அதாவது 20 வருடக் கடன் 25 வருடம் 9 மாதமாகிறது. எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ நீங்களே போட்டுப் பார்க்கலாம். முதல் வரி தவணைகளின் எண்ணிக்கையையும் இரண்டாவது தவணைத் தொகையையும் காட்டும்:

```
=NPER(9.5%/12,-26035,3000000)
=PMT(9.5%/12,240,-3000000)
```

வட்டியை 10.5 என்று மாற்றினால் முதல் வரி பிழை காட்டும். காரணம், அந்த நிலையில் ஒரு மாத வட்டியே 26,250 ரூபாய். தவணையோ 26,035. அசல் குறைவதற்குப் பதில் வளரத் தொடங்கும், எத்தனை வருடம் கட்டினாலும் தீராது. இரண்டு சதவீதம் எங்கே ஏறப் போகிறது என்று நினைக்க வேண்டாம். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.5-க்குப் போனது.

காலத்தை நீட்டி இப்படி அசல் வளரும் நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ரீசெட்டின்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் நமக்குத் தர வேண்டும். ஆனால் அந்த வாய்ப்பு ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இப்போதே பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். தங்கையின் பேப்பரில் "பதில் வராவிட்டால் காலம் நீட்டிக்கப்படும்" என்று இருந்தது. தகவல் போவதோ மச்சினனின் பழைய இந்திய நம்பருக்கு. அவர் அதை ஷார்ஜாவில் ஆன் செய்வதே இல்லை. தங்கையின் நம்பரைச் சேர்க்கச் சொன்னோம்.

கடனை முன்கூட்டி முடிக்கும் ஷரத்து

ஃபோர்குளோஷர் என்றதும் வீட்டைப் பறிமுதல் செய்வது என்று பயப்பட வேண்டாம். நம் ஊர் கடன் பேப்பரில் அது நாமே பாக்கியை மொத்தமாகக் கட்டிக் கணக்கை முடிப்பது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பணம் மாதச் சம்பளமாக மட்டும் வருவதில்லை. சீட்டு விழும், மழை குறைந்தால் ரப்பரில் கொஞ்சம் சேரும், கல்ஃபிலிருந்து வருபவர் மொத்தமாகக் கொண்டு வருவார். ஆகவே இடையில் இரண்டு லட்சம் கட்ட முடியுமா என்பது நமக்கு முக்கியம்.

2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு விதி தெளிவாக இருக்கிறது. தனிநபர் வாங்கிய, தொழிலுக்கு அல்லாத மாறும் வட்டிக் கடனை முழுதாகவோ பகுதியாகவோ முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதும் பொருட்டில்லை. இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டலாம் என்ற லாக்-இன்னும் கூடாது. இதை மனதில் வைத்து ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள். "சொந்தப் பணத்தில் கட்டினால் மட்டும் கட்டணம் இல்லை" என்று இருந்தால் அது பழைய அச்சுப்படிவம், திருத்தச் சொல்லுங்கள். கடன் நோக்கம் என்ற கட்டத்தில் வீடு கட்ட என்றே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே கடை, மேலே வீடு என்று கட்டுபவர்கள் மார்த்தாண்டம் பக்கம் நிறையப் பேர், அங்கே வகை மாறினால் விதியும் மாறலாம். மூன்றாவது, "முதல் மூன்று வருடம் நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி" என்ற திட்டம். இதில் நீங்கள் பணம் கட்டும் நாளில் கடன் எந்த வட்டியில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நிலையான வட்டிக் காலத்தில் கட்டினால் கட்டணம் வரலாம். எவ்வளவு என்பது கேஎஃப்எஸ்ஸில் தவறும்போது வரும் கட்டணங்களோடு சேர்த்து எழுதியிருக்கும்.

பகுதிப் பணம் கட்டும்போது தவணை குறையுமா, காலம் குறையுமா என்றும் கேளுங்கள். காலத்தைக் குறைப்பதில்தான் வட்டி அதிகம் மிச்சமாகும்.

கடன் முடிந்த பிறகு

முழுப் பணமும் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. எந்தக் கிளையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அனுமதிக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். தங்கைக்குக் கடன் தர முன்வந்த நிறுவனம் அதில் சென்னை முகவரியைப் போட்டிருந்தது. பத்திரத்தோடு வேலை முடியவில்லை. அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிய வேண்டும். இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் கடன் நின்றுகொண்டே இருக்கும். அதற்குக் கடன் கொடுத்தவரின் ஆள் நேரில் வர வேண்டியிருக்கலாம், அந்தச் செலவு யாருடையது என்றும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தங்கை வங்கியிலேயே வாங்கினாள். கூடுதலாக மூன்று வாரம் அலைய வேண்டியிருந்தது. கான்ட்ராக்டர் திட்டினார்.